பேரங்காடியில் தனியே நிற்கும் குழந்தை: பெற்றோர் வரும்வரை பாதுகாவலர் எழுத வேண்டிய பதிவு

கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் கூட்டத்தில் பிரிந்து தனியே நிற்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் சிறிது நேரத்திலேயே வீட்டாருடன் சேர்ந்துவிடுகிறார்கள். அதனாலேயே பல பாதுகாவலர்கள் அந்த இடைநேரத்தில் லாக் புக்கைத் திறப்பதில்லை. தாய் வந்து அழைத்துச் சென்ற பிறகு, "ஒரு பிள்ளை கிடைத்தது, அம்மாவிடம் ஒப்படைத்தோம்" என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடுகிறார்கள். நான் சொல்ல விரும்புவது இதற்கு நேர்மாறானது. குழந்தையைக் கேட்டு யாரும் வருவதற்கு முன்பே எழுதப்படும் பதிவுதான், வருகிறவர் யார் என்று சரிபார்ப்பதற்குப் பாதுகாவலரிடம் இருக்கும் ஒரே அளவுகோல். வந்தவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பிறகு எழுதும் பதிவால் எதையும் சரிபார்க்க முடியாது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்வோம். பணியில் அடிக்கடி காண்பவற்றைச் சேர்த்து நான் அமைத்தது அது. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மாலை, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அருகில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் தளத்தில், மின்படிக்கட்டின் பக்கத்துத் தூணருகே மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி அழுதுகொண்டு நிற்கிறாள். பொருள் வாங்க வந்த ஒரு பெண்மணி அவளைப் பார்த்து, அருகில் இருந்த பாதுகாவலரை அழைக்கிறார்.

முதல் படி: கண்ட இடத்திலேயே நிற்பது

முதல் எண்ணம் பெரும்பாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தரைத்தளத் தகவல் முகப்புக்குப் போவதாகவே இருக்கும். அதைச் சில நிமிடங்கள் தள்ளிப்போட வேண்டும். பிள்ளையைக் காணோம் என்று உணர்ந்த தாய் முதலில் ஓடி வருவது தான் கடைசியாக அவளைப் பார்த்த இடத்துக்குத்தான். பாதுகாவலர் மின்தூக்கியில் இறங்கும் அதே நேரத்தில் தாய் மின்படிக்கட்டில் ஏறி வந்தால், இருவரும் ஒருவரை ஒருவர் தவறவிட்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது அரை மணி நேரமாக நீளும். ஆகவே குழந்தையோடு அங்கேயே நின்றபடி, வாக்கி டாக்கியில் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் யாரும் வராவிட்டால் முகப்புக்கு அழைத்துச் செல்லலாம். அப்போதும், வேறொரு பாதுகாவலர் அந்தத் தூணருகே நின்று தேடி வருகிறவரைக் கவனிக்க வேண்டும்.

குழந்தையோடு இருக்கும்போது ஆள் தனியாக இருக்கக்கூடாது. இரண்டு பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. இருவரும் கேமரா பார்வைக்குள் நிற்க வேண்டும். இது குழந்தைக்குப் பாதுகாப்பு, பாதுகாவலருக்கும் பாதுகாப்பு. கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால் பெண் ஊழியர்கள் இருவர் போக வேண்டும். போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுத வேண்டும். தண்ணீர் கொடுக்கலாம். மிட்டாயோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம், ஏனெனில் எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்பது நமக்குத் தெரியாது.

குழந்தையை முதலில் கண்டவரைப் பற்றியும் ஒரு சொல். அவர் நல்ல மனத்தோடு ஒப்படைத்துவிட்டு உடனே போய்விடுவார். போவதற்குள் அவருடைய பெயரையும் கைத்தொலைபேசி எண்ணையும், குழந்தையை எந்த இடத்தில் எப்போது பார்த்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர் குழந்தையை முகப்புவரை அழைத்து வந்திருந்தால், பதிவில் "கண்ட இடம்" என்ற வரியில் முகப்பை எழுதக்கூடாது. அவர் முதலில் பார்த்த இடத்தையே எழுத வேண்டும். கேமராவில் தேடப்போவது அந்த இடத்தைத்தான்.

இரண்டாம் படி: ஒரே கடிகாரம்

பதிவில் முதலில் வருவது நேரம். இங்கேதான் பிற்பாடு பெரிய குழப்பம் விளைகிறது. பாதுகாவலரின் கைக்கடிகாரம், கைத்தொலைபேசி, கேமராப் பதிவுக் கருவி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டும் என்று நம்பக்கூடாது. கேமராக் கருவியின் கடிகாரத்தை யாரும் திருத்தாமல் விட்டிருந்தால் அது சில நிமிடங்கள் முன்னோ பின்னோ ஓடிக்கொண்டிருக்கும். மூன்று நிமிட வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கூட்டம் நிறைந்த தளத்தில் அந்த மூன்று நிமிடத்தில் நூற்றுக்கணக்கானோர் அந்தத் தூணைக் கடந்திருப்பார்கள். தவறான நேரத்தில் தேடினால் தவறான ஆளையே பார்ப்போம்.

ஆகவே பதிவு முழுவதையும் ஒரே கடிகாரத்தின்படி எழுத வேண்டும். எது அந்தக் கடிகாரம் என்பதை முதல் வரியிலேயே குறிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் உள்ளவர் திரையில் தெரியும் நேரத்தை அக்கணமே வாசிக்க, பாதுகாவலர் தம் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டையும் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் படி: கண்டதைக் கண்டபடி எழுதுவது

நம் எடுத்துக்காட்டில் பாதுகாவலர் எழுதிய பக்கம் இப்படி இருக்கும். நடைமுறையில் இது மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும். இங்கே தமிழில் தருகிறேன்.

> மாலை 4:12 (கைக்கடிகாரம்). கேமரா கடிகாரம் 3 நிமிடம் முன்னே ஓடுகிறது.
> கண்ட இடம்: 3ஆம் தளம், கீழிறங்கும் மின்படிக்கட்டுக்கு வலப்புறத் தூண்.
> கண்டவர்: பெண் வாடிக்கையாளர், பெயரும் எண்ணும் தனித்தாளில்.
> பெண் குழந்தை. தோற்றத்தில் சுமார் 4 வயது. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன்.
> மஞ்சள் பாவாடை, பச்சைக் கரை, மஞ்சள் சட்டை. வெள்ளைச் செருப்பு இரு காலிலும். வலது காலில் மட்டும் கொலுசு. இடது காலில் இல்லை. கையில் பொருள் எதுவும் இல்லை.
> அழுகிறாள். வலது முழங்காலில் பிளாஸ்டர், ஓரம் அழுக்காக உள்ளது (குழந்தையே பாவாடையைத் தூக்கிக் காட்டினாள்). வேறு காயம் தென்படவில்லை.
> சொன்னவை, தமிழில்: "என் பேரு குட்டிமா." "அம்மாகூட வந்தேன், பாட்டியும் வந்தாங்க." "அம்மா பச்ச."

தலையிலிருந்து கால்வரை ஒரே வரிசையில் எழுதினால் எதுவும் விடுபடாது. இருப்பதை எழுதுவதுபோலவே, இருக்க வேண்டியது இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும். இடது காலில் கொலுசு இல்லை என்ற சிறு குறிப்பு பின்னால் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பார்ப்போம். உடலில் உள்ள காயம், வீக்கம், தழும்பு ஆகியவற்றைக் கண்ட நேரத்திலேயே எழுதிவிட்டால், "உங்களிடம் இருந்தபோது அடிபட்டதா?" என்ற கேள்விக்கு இடமிருக்காது. உடையைக் கழற்றிப் பார்க்கும் உரிமை பாதுகாவலருக்கு இல்லை. வெளியே தெரிவதும் குழந்தை தானே காட்டுவதும் போதும்.

எழுதக்கூடாதவையும் உண்டு. "கைவிடப்பட்ட குழந்தை", "தாயின் கவனக்குறைவு" போன்ற முடிவுகளைப் பதிவில் எழுதவே கூடாது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், அதாவது சட்டம் 611, தக்க கண்காணிப்பின்றிக் குழந்தையை விட்டுச் செல்வதைக் குற்றமாகக் கருதுகிறது. ஒரு நிகழ்வு அந்த வரையறைக்குள் வருமா என்று பார்ப்பது போலீஸாரின் வேலை. மின்படிக்கட்டருகே நடந்ததை முழுமையாகப் பார்க்காத ஒரு பாதுகாவலரின் ஊகம், அச்சத்தோடு ஓடி வரும் ஒரு தாய்க்கு எதிரான எழுத்துச் சான்றாகிவிடக் கூடாது.

படம் எடுப்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பாதுகாவலர் தம் சொந்தக் கைத்தொலைபேசியில் குழந்தையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது உதவிபோலத் தோன்றினாலும், அது குழந்தையின் முகத்தையும் உடையையும் இடத்தையும் ஒரே நொடியில் அறியாதவர் கையில் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு, "என்ன உடை உடுத்தியிருந்தாள்?" என்று கேட்டு யாரையும் சரிபார்க்க முடியாது. தாய் வந்து அழைத்துச் சென்ற பின்பும் அந்தப் படம் பல நாள் சுற்றிக்கொண்டிருக்கும். படம் தேவைப்பட்டால் கட்டுப்பாட்டு அறைக் கருவியில் ஒன்று மட்டும் எடுத்து, அதைப் பதிவோடு வைத்துக்கொண்டால் போதும்.

நான்காம் படி: குழந்தையிடம் பேசுவது

நம் ஊர்ப் பேரங்காடிகளில் பாதுகாவலர்கள் பலர் நேபாளத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மலாயில் ஓரளவு பேசுவார்கள். நான்கு வயதுத் தமிழ்க் குழந்தை அழும்போது தமிழிலேயே அழும். ஆகவே தமிழ் பேசும் ஒருவரை, துப்புரவுப் பணியில் இருக்கும் அக்காவையோ கடை ஊழியரையோ, உடனே அழைக்க வேண்டும். அப்படி வருபவரின் பெயரும் பதிவில் இடம்பெற வேண்டும்.

பெயர் கேட்டால் குழந்தை வீட்டுப் பெயரைத்தான் சொல்லும். குட்டிமா, பாப்பா, அம்மு, தம்பி என்றுதான் வரும். அதைத் திருத்தாமல், ஒலி மாறாமல் அப்படியே எழுத வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரை யாரும் படித்துச் சொல்லிவிடலாம், ஆனால் வீட்டில் அழைக்கும் பெயரை வீட்டாரே அறிவார்கள். அம்மா பெயர் என்ன என்று கேட்டால் "அம்மா" என்றே பதில் வரும். "அப்பா அம்மாவை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டால் சில சமயம் உண்மையான பெயர் கிடைக்கும்.

கேள்விகள் ஆம், இல்லை என்ற பதிலில் முடியக்கூடாது. "அம்மா சிவப்புச் சேலையா?" என்று கேட்டால் அழும் குழந்தை தலையாட்டிவிடும், பிறகு சிவப்புச் சேலைக்காரரையே எல்லோரும் தேடுவார்கள். "அம்மா என்ன கலர் போட்டிருக்காங்க, பாப்பா?" என்று கேட்க வேண்டும். அப்போதும் நிறத்தை முழுமையாக நம்ப வேண்டாம். நம் எடுத்துக்காட்டில் குழந்தை "பச்ச" என்றாள்; கேமராவில் தெரிந்த தாயின் உடை ஊதா நிறப் பஞ்சாபி உடை. குழந்தை தன் பாவாடைக் கரையைச் சொல்லியிருக்கலாம், பாட்டியின் சேலையைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் தனித்தனி வரியில், யார் சொன்னது என்று குறித்து எழுத வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தக்கூடாது.

ஐந்தாம் படி: கேமராவைப் பின்னோக்கி ஓட்டுவது

பாதுகாவலர் குழந்தையோடு இருக்கும்போது, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு வேறொரு வேலை இருக்கிறது. பலர் நேரடிக் காட்சிகளில் தாயைத் தேடுகிறார்கள். அதைவிடப் பயனுள்ளது பதிவைப் பின்னோக்கி ஓட்டுவது. தூணருகே உள்ள கேமராவில், கண்ட நேரத்திலிருந்து தொடங்கி, குழந்தை அந்தக் காட்சிக்குள் நுழையும் கணம்வரை பின்னே போக வேண்டும். எந்தத் திசையிலிருந்து வந்தாள் என்று தெரிந்ததும் அத்திசையில் உள்ள அடுத்த கேமராவுக்குப் போய், அங்கும் பின்னோக்கி ஓட்ட வேண்டும். இப்படி இரண்டு மூன்று கேமராக்களைக் கடந்தால், பெரும்பாலும் குழந்தை ஒரு பெரியவரின் கையைப் பிடித்து நடக்கும் காட்சி கிடைக்கும்.

கேமரா கடிகாரம் மூன்று நிமிடம் முன்னே ஓடுவதால் 4:15 என்ற குறியீட்டில் தேடலைத் தொடங்குகிறார்கள். 4:04 என்ற குறியீட்டில், ஒரு துணிக்கடை வாசலில், ஊதா உடையில் ஒரு பெண்ணும் பச்சைச் சேலையில் ஒரு மூதாட்டியும் குழந்தையோடு நிற்பது தெரிகிறது. தாய் பைகளை எடுத்துக்கொண்டு கடைக்குள் திரும்பிப் போகிறார்; மூதாட்டி எதிர்க் கடைப் பக்கம் நகர்கிறார். பிள்ளை மற்றவரிடம் இருக்கிறாள் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். பண்டிகைக் காலத்தில் குழந்தைகள் பிரிவது பெரும்பாலும் இப்படித்தான். பெரியவர்கள் அதிகமாக இருக்கும்போதே கை நழுவுகிறது.

இந்தக் காட்சியில் கண்ட பெரியவர்களின் தோற்றம் உடனே பதிவுக்குள் வர வேண்டும். ரோந்தில் இருப்பவர்களுக்கும் அதே தோற்றத்தைச் சொல்லலாம். தேடும் தாயைக் கூட்டத்தில் அடையாளம் காண எளிய வழியும் உண்டு. மற்றவர்கள் கடைக் கண்ணாடியைப் பார்த்து நடக்கும்போது, அவர் மட்டும் கூட்டத்துக்கு எதிராக நடந்து, இடுப்பு உயரத்திலேயே பார்வையை ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஆறாம் படி: அறிவிப்பில் சொல்ல வேண்டியதும் சொல்லாமல் வைக்க வேண்டியதும்

"மஞ்சள் பாவாடை அணிந்த நான்கு வயதுச் சிறுமி தகவல் முகப்பில் இருக்கிறாள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், கட்டடத்தில் உள்ள அனைவரும் அந்தக் குழந்தையைக் கேட்டு வருவதற்குத் தேவையான தகவலைப் பெற்றுவிடுகிறார்கள். "குழந்தையைத் தேடுபவர் தரைத்தளத் தகவல் முகப்புக்கு வரவும்" என்பது போதும். அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வதோடு, நம் எடுத்துக்காட்டைப் போன்ற சூழலில் தமிழிலும் சொல்ல வேண்டும். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருக்கலாம்.

கடைக்குள் அவரவர் பாட்டு ஒலித்துக்கொண்டிருப்பதால் அறிவிப்பு எல்லோர் காதிலும் விழாது. ஆகவே சில நிமிட இடைவெளியில் திரும்பச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறிவிப்பின் நேரத்தையும் எழுத வேண்டும். பதிவில் உள்ள விவரங்களில் ஒன்றிரண்டை, நம் நிகழ்வில் முழங்கால் பிளாஸ்டரையும் வீட்டுப் பெயரையும், ஒலிபெருக்கியிலோ வாக்கி டாக்கியிலோ யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். வாக்கி டாக்கியில் பேசுவது பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஏழாம் படி: வந்தவரைச் சரிபார்ப்பது

குழந்தையைக் கேட்டு வருபவரும் குழந்தையும் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு முன்பே கேள்விகள் முடிய வேண்டும். ஆகவே குழந்தை முகப்புக்குப் பின்னால் உள்ள அறையில், கதவு திறந்த நிலையில், இருவர் துணையோடு இருக்க வேண்டும். வந்தவரைக் குழந்தையிடம் காட்டி "இவங்கதான் அம்மாவா?" என்று கேட்பதை நான் எதிர்க்கிறேன். களைத்த குழந்தை யாரைக் கேட்டாலும் தலையாட்டும். அடி விழும் என்று பயந்து தாயைக் கண்டே பின்வாங்கும் குழந்தையும் உண்டு. கெட்ட எண்ணம் கொண்ட அறிமுகமானவரைக் கண்டு சிரித்தபடி ஓடும் குழந்தையும் உண்டு. குழந்தையின் நடத்தையை எழுதி வைக்கலாம், அதை மட்டும் நம்பி ஒப்படைக்கக் கூடாது.

நம் எடுத்துக்காட்டில் 4:26க்கு ஓர் இளைஞர் வருகிறார். "எங்க அக்கா மகதான் அண்ணே, கொடுங்க, அவங்க மேல தேடிக்கிட்டு இருக்காங்க" என்கிறார். உடையின் நிறத்தைச் சரியாகச் சொல்கிறார். பிறந்த நாளைக் கேட்டால் மாதம் மட்டும் தெரிகிறது; பிளாஸ்டரைப் பற்றி எதுவும் தெரியவில்லை. கேமராக் காட்சியிலும் அவர் இல்லை. மேற்பார்வையாளர் அவரை மரியாதையோடு உட்காரவைத்து, "தம்பி, கோவிச்சுக்காதீங்க. அக்காவுக்குப் போன் போடுங்க, நான் பேசறேன்" என்கிறார். தொலைபேசியில் வரும் பெண்குரல் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதால், அதையும் மறைத்து வைத்த விவரத்தைக் கொண்டே சோதிக்க வேண்டும். "பிள்ளைக்கு எங்கேயாவது அடிபட்டிருக்கா?" என்றதும், "முழங்கால்ல, நேத்து பாலர் பள்ளியில விழுந்துட்டா" என்று அந்தக் குரல் சொல்கிறது. வீட்டில் எப்படி அழைப்பீர்கள் என்றதற்கும் பதில் பொருந்துகிறது. அப்போதும் குழந்தையை இளைஞரிடம் தரவில்லை. தாயை முகப்புக்கு வரச் சொல்கிறார். இளைஞர் உண்மையான தாய்மாமன்தான், வருத்தப்படவும் செய்தார். ஆயினும் பத்து நிமிடம் காத்திருப்பதால் யாருக்கும் இழப்பில்லை.

அடுத்தது ஆவணம். நம் குடும்பங்களில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை அறியாத பாதுகாவலர்கள் திகைத்துப்போவதுண்டு. மலேசியத் தமிழருக்குப் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது. மகளின் பெயருக்குப் பின் ஏ/பி என்றும் மகனின் பெயருக்குப் பின் ஏ/எல் என்றும் எழுதி, தந்தையின் பெயர் வரும். ஆகவே குழந்தையின் மைகிட் அட்டையில் உள்ள பெயரையும் தாயின் மைகார்டில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் தொடர்பே தெரியாது. குழந்தையின் பெயரோடு இருப்பது கணவரின் பெயர். தாயின் பெயரோடு இருப்பது அவருடைய தந்தையின் பெயர். தாயையும் குழந்தையையும் ஒரே தாளில் இணைப்பது பிறப்புச் சான்றிதழ்தான். அதன் படம் தாயின் கைத்தொலைபேசியில் இருந்தால் சரிபார்ப்பு எளிதாகும்.

மைகிட்டைப் பற்றி இன்னொன்று. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அந்த அட்டையில் குழந்தையின் படம் இருக்காது. ஆகவே ஒருவர் அட்டையைக் காட்டினால், அந்தப் பெயரில் ஒரு குழந்தை இருப்பது மட்டுமே உறுதியாகிறது. அறையில் இருக்கும் குழந்தைதான் அது என்பது உறுதியாவதில்லை. அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருப்பதால், அட்டையைப் பார்க்காமல் சொல்லச் சொன்ன பிறந்த தேதியை அதோடு ஒப்பிடலாம். அதன்பின் கைத்தொலைபேசியில் உள்ள பழைய படங்களைக் காட்டச் சொல்வது நல்லது. பல மாதங்களாக, பல இடங்களில், அதே குழந்தையோடு எடுத்த படங்களை அவசரத்தில் யாராலும் உருவாக்கிவிட முடியாது.

தாய் 4:38க்கு வருகிறார். உடையும் முகமும் கேமராக் காட்சியோடு பொருந்துகின்றன. அன்று காலை வீட்டு வாசலில் எடுத்த படத்தையும் காட்டுகிறார். படத்தில் குழந்தையின் இரண்டு காலிலும் கொலுசு இருக்கிறது. அறைக்குள் வந்து பிள்ளையை அணைத்த சற்று நேரத்தில், "இன்னொரு கொலுசு எங்கே?" என்று கேட்கிறார். வெள்ளிக் கொலுசு, கேட்பது இயல்பு. 4:12க்கு எழுதிய வரியை மேற்பார்வையாளர் திறந்து காட்டுகிறார். கேட்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்ததால் பேச்சு அங்கேயே நிற்கிறது. தொலைந்த பொருளாக அது தனிப் பதிவாகிறது. குழந்தை நடந்த பாதை கேமராவில் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அந்த வழியில் தேடச் சொல்கிறார்கள்.

பிரிந்து வாழும் பெற்றோர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தை தாயோடு வந்தது கேமராவில் தெரிந்து, தந்தை மட்டும் வந்து கேட்டால், அவர் தந்தை என்பது ஆவணத்தில் உறுதியானாலும் தாயை அழைக்காமல் ஒப்படைக்கக் கூடாது. இருவருக்கும் இடையே வாக்குவாதம் எழுந்தால் யாருக்கு உரிமை என்று பாதுகாவலர் தீர்ப்புச் சொல்ல முடியாது. குழந்தையை அறையிலேயே வைத்துக்கொண்டு போலீஸாரை அழைப்பதே சரி.

எட்டாம் படி: ஒப்படைப்பு வரி

ஒப்படைத்த நேரம், பெற்றுக்கொண்டவரின் பெயர், அடையாள எண், உறவு, கைத்தொலைபேசி எண், எதைக் கொண்டு சரிபார்த்தோம் என்ற குறிப்பு, அப்போது குழந்தை இருந்த நிலை, அவருடைய கையெழுத்து, பாதுகாவலர் ஒருவர் மற்றும் சாட்சி ஒருவரின் கையெழுத்து ஆகியவை இதில் வர வேண்டும். முன்னதாக வந்த இளைஞரின் பெயரும், அவரிடம் ஏன் தரவில்லை என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்மீது சந்தேகம் என்ற தொனி இல்லாமல், கேட்டதும் சொன்னதுமாக எழுதினால் போதும். அடையாள எண்கள் நிறைந்த அந்தப் புத்தகத்தை முகப்பில் திறந்தபடி வைத்து, அடுத்தவர் கையெழுத்திட வரும்போது படிக்கும்படி விடுவது பல இடங்களில் காணும் பழக்கம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தாள் வைத்துப் பூட்டிய அலமாரியில் சேர்ப்பது நல்லது.

யாரும் வராவிட்டால்

எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதைக் கட்டடத்தின் நிலையான கட்டளையில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அன்றைய பணியாளரின் மனநிலைக்கு விடக்கூடாது. என் கணக்கு அரை மணி நேரம். பேசத் தெரியாத சிறு குழந்தை, உடலில் ஐயத்துக்குரிய காயம், வீட்டுக்குப் போகப் பயப்படும் பேச்சு, முரண்பட்ட விவரங்களோடு வந்து கேட்டுவிட்டு நழுவிய ஆள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் 999க்கு அழைக்க வேண்டும். சமூகநல இலாகாவைத் தொடர்புகொள்ள தாலியான் காசே 15999 என்ற எண் இருக்கிறது. சட்டம் 611இன்படி பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைத் தற்காலிகப் பொறுப்பில் எடுக்கும் அதிகாரம் போலீஸ் அதிகாரிக்கும் சமூகநல இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்கும் உண்டு. தனியார் காவல் நிறுவன ஊழியருக்கு அது இல்லை. கண்டெடுத்த பெண்மணி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "நான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்பதை ஏற்க முடியாது. போலீஸார் வந்ததும் அதிகாரியின் பெயர், பதவி, பணி எண், நிலையம், வாகன எண், புறப்பட்ட நேரம் ஆகியவற்றை எழுதி, பதிவின் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும்.

மறுபுறத்தில், பிள்ளையைத் தேடும் பெற்றோர் தகவல் முகப்பில் சொல்லியும் பலன் இல்லையென்றால், உடனே போலீஸ் புகார் செய்யலாம். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை காணாமற்போனால் தகவலை விரைந்து பரப்ப, 2011இல் தொடங்கப்பட்ட நூர் எச்சரிக்கை முறை போலீஸாரிடம் இருக்கிறது. அதைத் தொடங்கவும் முதலில் புகார் வேண்டும்.

பக்கத்தை மூடுமுன்

கேமராக் கருவியில் இடம் நிறைந்ததும் புதிய பதிவு பழையதன்மேல் எழுதப்பட்டுவிடும். ஒரு மாதம் கழித்து ஒரு குடும்பமோ போலீஸாரோ கேட்கும்போது காட்சி இருக்காது. ஆகவே அன்று பணி முடிவதற்குள், குழந்தை பிரிந்த காட்சி, தூணருகே நின்ற காட்சி, முகப்பில் ஒப்படைத்த காட்சி ஆகிய மூன்றையும் தனியே சேமித்து, கோப்பின் பெயரில் லாக் புக் பக்க எண்ணைச் சேர்க்க வேண்டும். எழுதியதில் பிழை இருந்தால் வெள்ளை மை பூசாமல், ஒரே கோட்டால் அடித்து, பழைய சொல் தெரியும்படி விட்டு, அருகில் சரியானதை எழுதிக் கையொப்பமும் நேரமும் இட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் குழந்தையின் உண்மையான பெயரும் வயதும் 4:38க்குப் பிறகே தெரிந்தன. மேலே எழுதிய "குட்டிமா", "சுமார் 4 வயது" என்ற சொற்களை அடிக்காமல், கீழே புதிய வரியில் தாய் சொன்னபடி முழுப் பெயரும் பிறந்த தேதியும் எழுதப்பட்டு, 4:51க்குப் பக்கம் மூடப்பட்டது.